உயிர்மூச்சை விடு அப்பு, கிளம்புற நேரத்தைச் சொல்லு

உன் ஏர்போர்ட் டாக்சி நோட்டீசு பளபளன்னு இருக்கு அப்பு. காகிதம் அருமை. ஓரத்துல விமானம் பறக்குது, கீழே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பெட்டியோட நின்னு சிரிக்குது. அறந்தாங்கிக்கு அவங்க எந்தக் கல்யாணத்துக்குடா வர்றாங்க? சரி, அது போகட்டும். "நேரம் தவறாமை எங்கள் உயிர்மூச்சு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. காலையில பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து இந்த நோட்டீசை நீட்டினவன் நீதான். நடுவுல ஏழு மணி நேரம் மூச்சு விடாமயா இருந்தே?

கோவிச்சுக்காதே. படிச்சுப் பார்த்துத் திருத்திக் குடுங்கய்யான்னு நீதான் கேட்டே. பம்பாயில இறங்கி ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்த வளைகுடாக்காரங்களை, திருச்சி ஜங்ஷன் வாசல்ல அம்பாசிடர்ல ஏத்திக்கிட்டு வந்த ஆளு நான். இப்ப திருச்சியிலேயே சிங்கப்பூர், மலேசியா, துபாய், கொழும்புன்னு விமானம் இறங்குது. 2024-ல புது டெர்மினலும் திறந்துட்டாங்க. வண்டி மாறிப்போச்சு, ரோடு மாறிப்போச்சு. ஆனா வாசல்ல பெட்டியைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றவன் முகத்துல இருக்கிற கேள்வி மட்டும் மாறவே இல்லை. நம்ம வண்டி வந்திருக்கா? வீட்டு வாசல்ல இறங்குறப்ப கூடக் கேப்பானா? பெட்டியெல்லாம் அடங்குமா? உன் நோட்டீசுல "உலகத்தரம்" இருக்கு, "உங்கள் குடும்பத்தில் ஒருவன்" இருக்கு. இந்த மூணு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதுவும் அந்தக் குடும்பத்தில் ஒருவன்ங்கிற வரியை முதல்ல அடிச்சிரு. ஊருக்கு வர்றவனுக்குக் குடும்பத்துல ஏற்கெனவே ஆள் ஜாஸ்தி. அவங்களுக்குக் கைலி, சென்ட்டு, சாக்லேட்டு வாங்கியே அவன் ஓஞ்சு போயிருப்பான்.

மொதல்ல நேரத்துக்கு வருவோம். நேரம் தவறாம வருவேன்னு நீ சொல்றே. எந்த நேரம்? டிக்கெட்டுல போட்ட நேரமா, விமானம் நிசமா இறங்குற நேரமா? விமானம் ரெண்டு மணி நேரம் பிந்திட்டா, நீ டிக்கெட் நேரத்துக்குப் போய் நின்னு என்ன புண்ணியம்? பார்க்கிங்காரனுக்குத்தான் புண்ணியம். அதுவே இருவது நிமிசம் முந்தி இறங்கிட்டா? பின்காத்து இருந்தா முந்தி இறங்குறதும் உண்டுடா. அதனால நீ காவல் காக்க வேண்டியது கடிகாரத்தை இல்லை, விமானத்தை. புக்கிங் எடுக்கிறப்பவே டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. அதுல விமான நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் போனுல தட்டினா, கிளம்பிருச்சா, எங்க பறக்குது, எத்தனை மணிக்கு இறங்கும்னு அதுவே சொல்லிருது. உன் கையில எந்நேரமும் போன்தானே இருக்கு, ஒரு தடவையாவது அது சோறு போடட்டும்.

இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு, கேளு. துபாயில இருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரப் பறப்பு. சிங்கப்பூர்ல இருந்தும் அதே மாதிரி நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னப் பின்ன. அறந்தாங்கியில இருந்து புதுக்கோட்டை, கீரனூர் வழியா ஏர்போர்ட்டுக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ராத்திரியில ரெண்டு மணி நேரம் வச்சுக்க. அப்ப என்ன அர்த்தம்? விமானம் அங்க தரையை விட்டுக் கிளம்பிருச்சான்னு பார்த்துட்டு, அதுக்கு அப்புறம் நீ நிதானமா இங்க கிளம்பலாம். கிளம்பலையா, நீயும் கிளம்பாதே. டீசலும் மிச்சம், தூக்கமும் மிச்சம். ஆனா கொழும்பு வழியா வர்றவங்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது. கொழும்புல இருந்து ஒரு மணி நேரத்துல விமானம் வந்து இறங்கிரும். அது கிளம்புறதைப் பார்த்துட்டு நீ சாவியைத் தேடினா, அவங்க பெட்டியோட வாசல்ல நிக்கிறப்ப நீ புதுக்கோட்டையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பே. அந்த விமானத்துக்கு மட்டும் அது கிளம்புறதுக்கு முன்னாடியே நீ கிளம்பிரணும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல இறங்குற விமானம். நம்ம பக்கம் நடந்த கதைதான். துபாயில இருந்து ஒரு பையன் வர்றான். டிக்கெட்டுல 14-ம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 7.10-க்குக் கிளம்புது, திருச்சியில 15-ம் தேதி 12.40-க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. அங்க 7.10-ன்னா நம்ம கடிகாரத்துல 8.40. ஒண்ணரை மணி நேரம் நாம முந்தி. நாலு மணி நேரம் பறந்து வந்தா 12.40. எல்லாம் சரி. பையன் வீட்டுக்கு என்ன சொன்னான்? "செவ்வாய்க்கிழமை ராத்திரி வர்றேன்." டிரைவர் கையில டிக்கெட்டு போச்சு. அந்த ஆளு என்ன பார்த்தான்? "15-ம் தேதி, 12.40." 15 புதன்கிழமையாச்சே, புதன்கிழமை ராத்திரி போனாப் போதும்னு செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுட்டுப் படுத்துட்டான். பையன் செவ்வாய் ராத்திரியே இறங்கிட்டான். வாசல்ல நின்னு போன் அடிக்கிறான், டிரைவர் குறட்டை அடிக்கிறான். ரெண்டு பேர் மேலயும் தப்புச் சொல்ல முடியாது பாரு. அவன் சொன்ன கிழமையும் சரி, இவன் பார்த்த தேதியும் சரி.

இதுக்கு மருந்து ரொம்பச் சுலபம். விமானம் வர்ற நேரத்தைப் பத்திப் பேசாதே, உன் வண்டி கிளம்புற நேரத்தைச் சொல்லு. "வண்டி அறந்தாங்கியை விட்டுக் கிளம்புவது 14-ம் தேதி செவ்வாய் இரவு 10 மணி." இதுல குழம்ப ஒண்ணும் இல்லை. பத்து மணிங்கிறது எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம், கிழமை மாறாத நேரம். அவங்க வீட்டுல யாராச்சும் "செவ்வாயா? புதன் இல்லையா?"ன்னு அப்பவே கேட்டுருவாங்க. பத்து மணிக்குக் கிளம்பினா பன்னெண்டுக்குப் போய்ச் சேரலாம், நாப்பது நிமிசம் கையில மிச்சம். மாத்தூர்ல ஒரு லாரி குறுக்க நின்னாலும் தாங்கும். இதை எழுதி வாட்சப்புல அனுப்பிட்டு, "சரிதான்"னு அவங்க வாயால ஒரு பதில் வாங்கிக்க. அந்தப் பதில் வராம வண்டியை எடுக்காதே.

இறங்கிட்டான்னே வச்சுக்குவோம். இறங்கின உடனே வெளிய வந்துருவானா? தோள்ல ஒத்தைப் பையோட வர்றவன் அரை மணியில வருவான். பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை, நாலு பெட்டின்னு வர்றவனுக்கு இமிகிரேஷன் வரிசை, பெட்டி வர்ற பெல்ட்டு, கஸ்டம்ஸுன்னு ஒரு மணி நேரம் தாராளமா ஆகும். பெட்டி ஒண்ணு வரலைன்னா கவுண்டர்ல எழுதிக் குடுத்துட்டு வரணும். டிவிப் பெட்டி எதையாச்சும் தூக்கிக்கிட்டு வந்து, கஸ்டம்ஸ்ல வரி கேட்டா, கட்டி ரசீது வாங்கிட்டு வரணும். நீ என்னடான்னா "இலவசக் காத்திருப்பு 30 நிமிடம்"னு போட்டிருக்கே. எப்ப இருந்து முப்பது? விமானம் வர்றதா சொன்ன நேரத்துல இருந்தா? அப்ப விமானம் பிந்தினதுக்கும் சேத்து அவன்கிட்டயே காசு கேப்பியா? சக்கரம் தரையில பட்ட நேரத்துல இருந்து ஒண்ணரை மணி நேரம் இலவசம்னு போடு. அதுக்கு மேல ஆனா மணிக்கு இவ்வளவுன்னு அதையும் அங்கேயே போடு. நேரா சொன்னா எவனும் சண்டைக்கு வரமாட்டான்.

வெளிய வந்தவன் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பான்? "இறங்கியவுடன் அழைக்கவும்"னு போட்டிருக்கே, எதை வச்சு அழைப்பான்? ரெண்டு வருசமா ரீசார்ஜ் பண்ணாத நம்ம ஊர் சிம்மு செத்துக் கிடக்கும். வெளிநாட்டுச் சிம்முல இருந்து போட்டா காசு பிச்சுக்கிட்டுப் போகும்னு தொடவே மாட்டான். ஏர்போர்ட் வைபையில ஏறலாம்னு பார்த்தா, அது ஓடிபி அனுப்புறேங்கும். எந்த நம்பருக்கு? அந்தச் செத்துப்போன நம்பருக்கு. அதனால அவன் அங்க விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே டிரைவர் போட்டோ, வண்டி நம்பர், எந்த இடத்துல நிப்பான், இது மூணும் அவன் போனுல போய்ச் சேந்திருக்கணும். டிரைவர் கையில பேர் எழுதின அட்டை இருக்கணும். சும்மா "முருகேசன்"னு எழுதிராதே. ஒரு விமானத்துல நாலு முருகேசன் வருவான், நாலு பேரும் ஓடி வந்து உன் டிரைவரைக் கட்டிப் பிடிப்பான். "முருகேசன், ஆவுடையார்கோயில்"னு ஊரையும் சேத்து எழுது, தமிழ்லயே பெருசா எழுது. நம்ம எழுத்தை அங்க பார்த்ததுமே பாதிக் களைப்பு இறங்கிரும்.

இப்ப துட்டுக்கு வா. "கி.மீ.க்கு ரூ.13 மட்டும்"னு போட்டு, பக்கத்துல பொடிசா ஒரு நட்சத்திரக் குறி. அசுவினி, பரணின்னு நமக்கு இருபத்தேழு நட்சத்திரம்தான்டா. இந்த இருபத்தெட்டாவது நட்சத்திரத்துல பொறந்த எந்த வியாபாரமும் சண்டையில்லாம முடிஞ்சதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அடியில படிச்சேன். ஒருவழிப் பயணமா இருந்தா குறைந்தது 130 கிலோமீட்டர், போய்த் திரும்புறதா இருந்தா நாளைக்கு 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, இரவுக் கட்டணம் தனி, டோல் தனி, பார்க்கிங் தனி. ஊருல பாதிப் பேர் இப்படித்தான் போடுறான், தெரியும். ஆனா ஏர்போர்ட்டுல இருந்து நம்ம ஊரு 85 கிலோமீட்டர்தானே? ஊருக்கு வர்றவன் 85-ஐ 13-ஆல பெருக்கி, ஆயிரத்து நூத்திச் சொச்சம்னு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டு வச்சிருப்பான். வீட்டு வாசல்ல நீ ரெண்டாயிரத்து எழுநூறுன்னு நிப்பே. பாக்க வந்த சொந்தக்காரன் பூராம் சுத்தி நிக்கிறப்ப, ரெண்டு வருசம் கழிச்சு மகனைப் பாக்குற தாயார் முன்னாடி, அந்தப் பேரம் தேவையாடா உனக்கு?

ஒரே தொகையா போடு. எவ்வளவு போடலாம்னு கணக்குப் பார்த்துருவோம், அந்தத் துண்டுக் காகிதத்தை எடு. காலியா போகணும், ஆளோட திரும்பணும், ஆக 170 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 குடுக்கிற டீசல் வண்டின்னு வச்சா ஒம்பதரை லிட்டர். டீசல் 93 ரூபாய்னு வை, 880 கிட்ட வருது. கீரனூர்ப் பக்கத்து டோல் போக வர, பார்க்கிங், ரெண்டுக்கும் சேத்து 250 ஒதுக்கிரு. 24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா டோல்ல போக வர ரெண்டுக்குமா ஒண்ணரைப் பங்குதான் எடுப்பான், அதுல கொஞ்சம் மிஞ்சும். ராத்திரி முழிக்கிற டிரைவருக்கு 500. டயர், ஆயில், இன்சூரன்ஸ், எஃப்.சி.ன்னு தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வச்சா 340. எல்லாம் கூட்டினா 1,970. நீ 2,800-ன்னு போட்டா 830 நிக்குது. அதுலதான் வண்டித் தவணை, உன் வயிறு, விமானம் பிந்துற அன்னிக்கு ஆகிற நட்டம் எல்லாம். இதுக்குக் கீழே எறங்கினா, ஒரு மாசம் நேரத்துக்கு வருவே, ரெண்டாம் மாசம் ஒரே ராத்திரியில ரெண்டு சவாரிக்கு ஒத்துக்குவே, மூணாம் மாசம் முதல் சவாரியை இறக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கேன்னு ரெண்டாவது ஆளுகிட்டப் பொய் சொல்லுவே. ராத்திரிக்கு ஒரு வண்டிக்கு ஒரு சவாரிதான், டிரைவர் மத்தியானம் தூங்கியிருக்கணும். அதுக்கும் சேத்துத்தான் அந்த 2,800.

நிலையான கட்டணம்னா எதுக்கெல்லாம் நிலைன்னும் சொல்லிரணும். வழியில நார்த்தாமலை அம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திட்டுப் போகலாம்பாங்க, புதுக்கோட்டையில பிள்ளைக்குப் பசிக்குதும்பாங்க. ரோட்டோரம் அரை மணி நேரம் ஒரு நிறுத்தம் அந்தத் தொகைக்குள்ளயே அடக்கம்னு போட்டுரு, மனசு குளுந்துரும். "வந்தது வந்தோம், சமயபுரத்தையும் எட்டிப் பார்த்துட்டுப் போவோமே"ன்னா, அது ஆத்துக்கு அங்கிட்டு, திருச்சி ஊரையே தாண்டிப் போகணும். அதுக்குத் தனித் தொகை, அதையும் கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிரணும். திர்ஹாமும் வெள்ளியும் வாங்காதே. மாத்திக் குடுக்கிறதுக்கு உனக்கு லைசென்சும் இல்லை, ரேட்டும் தெரியாது. வீட்டுல இருக்கிற யாராச்சும் ஜிபேயில போட்டுவிடட்டும்.

கடைசிக் கேள்வி பெட்டி. வளைகுடாவுல இருந்து வர்ற விமானம் பலதுல ஆளுக்கு 30 கிலோ பெட்டி, கையில 7 கிலோ. நாலு பேர்னா 148 கிலோ. அதை உன் டிசையர் டிக்கியில வச்சு மூடுறேன்னு சொல்றது, அண்டாவைச் சொம்புக்குள்ள இறக்குற கதை. அதுலயும் சிஎன்ஜி வண்டியா இருந்தா டிக்கியில பாதியை சிலிண்டரே பிடிச்சுக்கும். அந்தப் படத்தை மட்டும் நோட்டீசுல போடாம விட்டுட்டே, கெட்டிக்காரன். எர்டிகாவுல ஏழு பேர் போகலாம்னு போட்டிருக்கே, போகலாம்தான், டிரைவரையும் சேத்து. ஆனா பின்சீட்டை நிமித்தி வச்சா டிக்கியில ரெண்டு கைப்பை வைக்கலாம், அவ்வளவுதான். ஆள் கணக்கு, பெட்டிக் கணக்கு ரெண்டையும் கேட்டுத்தான் எந்த வண்டின்னு நீ சொல்லணும். அதோட இன்னொரு கணக்கு இருக்கு, அதை எவனும் கேக்குறதே இல்லை. கூட்டிட்டு வரப் போறவங்க எத்தனை பேர்? வர்றவன் நாலு பேர்தான். ஆனா போற வண்டியிலேயே மாமன், மச்சான், அப்பத்தா, பக்கத்து வீட்டுப் பையன்னு அஞ்சு பேர் ஏறி உக்காந்துருவாங்க. திரும்பி வர்றப்ப ஊருக்கு வர்றவனுக்கே இடம் இருக்காது.

வண்டி மஞ்சள் போர்டா இருக்கணும், அதையும் போடு. சொந்த வண்டி வெள்ளைப் போர்டை வாடகைக்கு ஓட்டுறவன் இருநூறு ரூபாய் குறைச்சுக் கேப்பான். வழியில ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, வாடகைக்கு ஓட்டினேன்னு தெரிஞ்சதும் இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுருவான். அந்த இருநூறோட விலை அப்பத்தான் தெரியும்.

சரி, பேனாவை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. வெள்ளைக்காரனை எடுத்துட்டு அந்த இடத்துல இதைப் போடு.

"திருச்சி விமான நிலையம் முதல் அறந்தாங்கி வரை. சிறிய வண்டி ரூ.2,800. பெரிய வண்டி ரூ.3,900. டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, இரவுப் பயணம், வழியில் அரை மணி நேரம் ஒரு நிறுத்தம், எல்லாம் இதற்குள் அடக்கம். வீட்டு வாசலில் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்க மாட்டோம்.

டிக்கெட்டின் படத்தை அனுப்புங்கள். எங்கள் வண்டி ஊரிலிருந்து கிளம்பும் தேதியும் கிழமையும் நேரமும் எழுதி அனுப்புவோம். விமானம் தாமதமானால் நாங்களே பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்வோம், அதற்குக் கட்டணம் இல்லை. தரையிறங்கியதிலிருந்து ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு இலவசம். அதன் பின் மணிக்கு ரூ.150.

நீங்கள் விமானம் ஏறும் முன்பே டிரைவர் படமும் வண்டி எண்ணும் உங்கள் போனில் இருக்கும். வாசலில் உங்கள் பெயரும் ஊரும் எழுதிய அட்டையுடன் டிரைவர் நிற்பார். நீங்கள் இறங்கும்போது எங்கள் வண்டி வாசலில் இல்லையென்றால் வாடகை வேண்டாம்.

வருகிறவர்கள் எத்தனை பேர், பெட்டி எத்தனை, அழைக்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டி மட்டும்."

என்ன முழிக்கிறே? அந்த "வாடகை வேண்டாம்"ங்கிற வரியா? அது இருந்தாத்தான்டா நீ பத்து மணிக்குக் கிளம்புவே. இல்லாட்டி பத்தரைக்குச் சட்டை தேடுவே.

அடியில நம்பர் ஒண்ணு போதும். நீ போட்டிருக்கிற மூணு நம்பர்ல ரெண்டு எடுக்கிறதே இல்லை, நானே அடிச்சுப் பார்த்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிற நம்பரா போடு. உன் நம்பர் வேண்டாம், உன் பொஞ்சாதி நம்பரைப் போடு. அந்தப் புள்ளதான் முதல் மணியிலேயே எடுக்கும், எடுத்த கையோட உன்னையும் எழுப்பிவிடும்.

இன்னொண்ணு. எழுதிக் குடுத்ததுக்குக் கூலின்னு எதுவும் கேக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை என் மகன் குடும்பத்தோட சிங்கப்பூர்ல இருந்து வர்றான். நாலு பேர், ஆறு பெட்டி. கட்டணத்துல சல்லிக்காசு குறைக்காதே, ஊருக்கு ஒரு விலை தாத்தனுக்கு ஒரு விலைன்னு ஆயிரக்கூடாது. கூட்டிட்டு வர நாங்க ஒரு எட்டுப் பேரு வருவோம். சின்ன வண்டியே போதும்ல?